வாசப்படியில உட்கார வச்சுட்டோம்

போன தை மாசம் வயல்ல அறுப்பு மிஷின் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப அக்கா மகன் போன் பண்ணான். "மாமா, பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா. அத்தையக் கூட்டிக்கிட்டு சாயந்தரம் வந்துருங்க"ன்னான். நல்ல சேதிதான். நெல்லைக் களத்துல கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடிட்டு ரெண்டு பேரும் போனோம்.

பிள்ளைக்கு 12 வயசு. ஏழாவது படிக்குது. பின்கட்டு அறையில ஒரு பாய் போட்டு மூலையில உட்கார வச்சிருந்தாங்க. பக்கத்துல தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கொத்து வேப்பிலை. திண்ணையில பெரியவங்க பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. எந்த மண்டபம், ஃப்ளெக்ஸ்ல எந்தப் போட்டோ, மொய் நோட்டுல நம்ம பாக்கி எங்கெங்க நிக்குது, இதான் பேச்சு. இடையில எங்க அக்கா சொன்னுச்சு: "இனிமே சைக்கிளெல்லாம் வேணாம். ஆட்டோவுல போகட்டும்."

அந்தப் பிள்ளை கதவு வழியா என்னைப் பார்த்துச்சு. அந்தப் பார்வையை நான் முன்னாடியே ஒரு தடவை என் வீட்டுல பார்த்திருக்கேன். அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. அதுக்காகத்தான் இன்னைக்கு இதை எழுதுறேன்.

டவுன்ல இருக்கிற நண்பர்கள் இந்தச் சடங்கைப் பத்தி எனக்கு ரெண்டு விதமா எழுதுறீங்க. "இன்னுமாய்யா இந்தக் கூத்து?"ன்னு ஒரு பாதி. "நம்ம முன்னோர் எதையும் காரணம் இல்லாம வைக்கல, எல்லாத்துலயும் விஞ்ஞானம் இருக்கு"ன்னு இன்னொரு பாதி. ரெண்டு பக்கமும் என்னால முழுசா நிக்க முடியல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

என் அண்ணன் மகள் மெட்ராஸ்ல மானுடவியல் படிச்சவ. சில வருஷம் முன்னாடி படிப்புக்காக எங்க ஊர்ச் சடங்கையே எழுதுறேன்னு ஒரு நோட்டோட வந்து இறங்கினா. எங்க அம்மா, அக்கா எல்லார்கிட்டயும் கேட்டு எழுதினா. ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில உட்கார்ந்து, அவ பாடத்துல என்ன சொல்லியிருக்குன்னு எனக்குச் சொல்லுவா. நான் பன்னெண்டாவதோட ஏர் பிடிக்க வந்தவன். ஆனா அவ சொன்னது எனக்கு உடனே பிடிபட்டுச்சு, வயல்ல பார்க்கிற விஷயம்தான் அது.

வான் ஜென்னப்னு ஒருத்தர், பிரெஞ்சுல எழுதினவர். 1909ல ஒரு புத்தகம் போட்டார். பிறப்பு, ஆளாகிறது, கல்யாணம், சாவுன்னு உலகத்துல எங்கெங்கயோ நடக்கிற சடங்குகளை அடுக்கி வச்சுப் பார்த்தா, எல்லாத்துலயும் மூணு படி இருக்குன்னு சொன்னார். முதல் படி, ஆளைப் பழைய இடத்துல இருந்து பிரிக்கிறது. ரெண்டாவது, அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நடுவுல வைக்கிறது. மூணாவது, புது இடத்துல கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சமுதாயம்ங்கிறது பல அறைகள் இருக்கிற வீடு மாதிரி, ஒரு அறையில இருந்து இன்னொரு அறைக்குப் போறதுக்குத்தான் சடங்குன்னு அவர் உவமை சொல்லியிருக்கார்.

நடுவுல இருக்கிற அந்த நிலைக்கு அவர் வச்ச பேர், லத்தீன்ல வாசப்படியைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது. நமக்கு இதுக்கு விளக்கமே வேண்டாம். "வாசப்படியில உட்காராத, நிலைப்படியில நின்னு காசு கொடுக்காத, உள்ள வந்து கொடு"ன்னு கேட்டு வளர்ந்தவங்கதானே எல்லாரும். இரணியனை நரசிம்மர் எங்க வச்சுக் கொன்னார்? வீட்டுக்கு உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம, பகலும் இல்லாம ராத்திரியும் இல்லாம, அந்தி நேரத்துல வாசப்படியில. வாசப்படி பலமான இடம், பயமான இடமும் கூட. அதுல ஆளை அதிக நேரம் நிக்க விடக் கூடாதுன்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

எனக்கு அப்ப நாத்துதான் ஞாபகம் வந்துச்சு. நாத்தங்கால்ல இருந்து நாத்தைப் பறிக்கிறோம், அது பிரிவு. வேரைக் கழுவி முடி கட்டி வரப்புல போடுறோம். அப்ப அது நாத்தங்கால் பயிரும் இல்ல, நடவு வயல் பயிரும் இல்ல. நட்ட பிறகும் நாலஞ்சு நாள் மஞ்சளா வாடி நிக்கும். அப்புறம்தான் பச்சை பிடிக்கும். பச்சை பிடிச்சாத்தான் நடவு முடிஞ்சதுன்னு அர்த்தம். முடி கட்டின நாத்தை ரெண்டு மூணு நாள் வரப்புலயே போட்டு வச்சிருந்தா, உள்ளுக்குள்ள சூடேறி அழுக ஆரம்பிச்சிரும். பறிச்ச நாத்து சீக்கிரம் சேத்துல இறங்கணும். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இப்ப எங்க அக்காவுக்கு நடந்ததைச் சொல்றேன். 1980. அக்காவுக்கு 14 வயசு, எனக்கு 10. புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடி பக்கம் எங்க ஊரு. பக்கத்து ஊர்ல கூட வேற மாதிரி செய்வாங்க, நான் சொல்றது எங்க வீட்டு வழக்கம்.

கடலைக் கொல்லையில களை எடுத்துக்கிட்டு இருந்த அக்காவை அத்தை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அம்மாவைப் பார்க்க விடல, பெத்தவ முதல்ல பார்க்கக் கூடாதுன்னு சொல்லி அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிட்டாங்க. அத்தை முறை ஆகுறவங்க ஒத்தைப்படையில சேர்ந்து கொல்லைப்புறத்துல வச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க. போட்டிருந்த பாவாடை சட்டையைத் துணி வெளுக்கிற அம்மா எடுத்துக்கிட்டுப் போச்சு. அந்த அம்மாதான் கட்டிக்க மாத்துச் சீலையும் கொண்டு வந்துச்சு. தீட்டுன்னு நாம ஒதுக்கினதை அவங்க தலையில தூக்கி வச்சோம்ங்கிறதையும் மறைக்காமச் சொல்லணும். அக்கா போட்டிருந்த உடுப்பு போச்சு, கொல்லை வேலை போச்சு, அம்மா பக்கத்துல படுக்கிற இடம் போச்சு. வான் ஜென்னப் சொன்ன முதல் படி இதுதான்.

மறுநாள் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீத்து வெட்டிக்கிட்டு வந்து வீட்டுக்குப் பக்கவாட்டுல குச்சு கட்டினார். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுதான். வாசல்ல உலக்கையைக் குறுக்க போட்டாங்க. உள்ள ஒரு பாய், தனித் தட்டு, குவளை, காத்து கருப்பு அண்டாம இருக்க ஒரு இரும்புத் துண்டு, வேப்பிலை. 16 நாள். கண்ணாடி பார்க்கக் கூடாது, ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது, விளக்கேத்தக் கூடாது, எதையும் தொடக் கூடாது. நான் தம்பி, என்னையவே கிட்ட விடல. பேர் சொல்லிக் கூப்பிட்டா உள்ள இருந்து சத்தம் மட்டும்தான் வரும். வீட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தி இப்படி இல்லாமப் போயிட்டாளேன்னு எனக்கு அழுகை வந்தது ஞாபகம் இருக்கு.

அதே 16 நாள்ல வேற ஒண்ணும் நடந்துச்சு. அக்காவுக்கு ஒரு வேலையும் கிடையாது. காலையில நல்லெண்ணெயில பச்சை முட்டை, உளுந்தங்களியில கருப்பட்டியும் நல்லெண்ணெயும், ஒருநாள் விட்டு ஒருநாள் புட்டு. அதுவரைக்கும் எங்க வீட்டுல முட்டைன்னா எனக்கும் அண்ணனுக்கும்தான். சாயந்தரமானா அப்பாயி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள், அக்காவோட தோழிங்க எல்லாம் குச்சு வாசல்ல கூடுவாங்க. ஒரே சிரிப்பும் பேச்சுமா இருக்கும். துணி எப்படி வைக்கிறது, வயித்து வலிக்கு என்ன குடிக்கிறது, புருஷன் பொண்டாட்டி விஷயம் வரைக்கும் அங்கதான் காதுல விழுந்துச்சுன்னு அக்கா பின்னாடி சொல்லியிருக்கு. அதை எல்லாம் அம்மா நேர்ல சொல்லியிருக்காது.

இந்த நடு நாட்களைத்தான் விக்டர் டர்னர்னு ஒருத்தர் பின்னாடி விரிவா எழுதினாராம். 1950கள்ல ஆப்பிரிக்காவுல, இப்ப ஜாம்பியான்னு சொல்ற நாட்டுல, என்டெம்பு மக்களோட தங்கிப் பார்த்தவர். அங்கயும் பெண் பிள்ளைக்குச் சடங்கு உண்டு. பால் வடியுற ஒரு மரத்தோட அடியில அந்தப் பிள்ளையைப் போர்வையால மூடிப் பகல் முழுக்க ஆடாம அசையாம படுக்க வைப்பாங்க. பெண்கள் சுத்தி ஆடுவாங்க. பெத்த அம்மாவை அந்த வட்டத்துக்குள்ள விடமாட்டாங்க. அப்புறம் புல்லுக் குடிசையில ஒதுக்கி வச்சு, ஒரு பெரியம்மா பொறுப்புல ஆட்டமும் தாம்பத்திய விஷயமும் சொல்லிக் கொடுப்பாங்க. கடைசியில வெளிய வந்து ஊர் முன்னால ஆடுவா. அதை ஒட்டியே கல்யாணமும் நடக்கும்.

இதைக் கேட்டப்ப எங்க அம்மா, "அங்கயும் பெத்தவளை விலக்கித்தான் வைக்கிறாங்களா"ன்னு ஆச்சரியப்பட்டுச்சு. அண்ணன் மகள் இன்னொண்ணு சொன்னா. "சித்தப்பா, அங்க ஆம்பளைப் பசங்க சடங்குல பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து காட்டுக்குப் போவாங்க. ஒண்ணாக் கஷ்டப்பட்டதுல அவங்களுக்குள்ள ஒரு கூட்டாளித்தனம் வரும், அதை டர்னர் பெரிசாச் சொல்றார். பொண்ணுங்களுக்கு அது இல்ல. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நாள் ஆளாகுறா, அதனால தனியாத்தான் உட்காரணும்." 1981ல புரூஸ் லிங்கன்னு ஒருத்தர் இதை வச்சு டர்னர் பக்கத்தையே கேள்வி கேட்டிருக்காராம். பெண்ணை யாரும் வெளிய கொண்டு போறதில்ல, வீட்டுக்குப் பக்கத்துலயே அடைச்சு வைக்கிறாங்க. அதனால பிரிவு, நடு, சேர்ப்புன்னு சொல்றதை விட, கூட்டுப்புழு மாதிரி அடைபடுறது, உள்ள உருமாறுறது, வெளிய வர்றதுன்னு சொல்றதுதான் பொருந்தும்னு அவர் எழுதினார். மலபார் தீயர் வீட்டுத் தாலிகட்டுச் சடங்கும் அவர் எடுத்துக்கிட்ட உதாரணங்கள்ல ஒண்ணு. எங்க குச்சைப் பார்த்தா எனக்கும் அவர் சொல்றதுதான் சரின்னு படுது.

அக்கா கதைக்கு வர்றேன். 16ஆம் நாள் விடியக்காலையில மஞ்சத் தண்ணி ஊத்தி, மாமன் சீர் கொண்டுவந்த சேலையைக் கட்டி, மாலை போட்டு, மணையில உட்கார வச்சு, புட்டும் களியும் சுத்தி, ஆலாத்தி எடுத்தாங்க. குச்சைப் பிரிச்சு ஊருக்கு வெளிய கொண்டுபோய் எரிச்சாங்க. அக்கா சேலையோட நடந்து வந்தப்ப எனக்கு அடையாளமே தெரியல. அன்னையில இருந்து அது சின்னப் பிள்ளை இல்ல. அப்பாயிக்கு அடுத்த இடத்துல உட்கார்ந்து பேசுச்சு. வீட்டுச் சாவி இடுப்புக்கு வந்துச்சு. மூணு வருஷத்துல, 17 வயசுல, தாய்மாமன் மகனுக்கே கட்டிக் கொடுத்தாங்க. குச்சு கட்டினவர் வீட்டுக்கே மருமகளாப் போச்சு. அதுக்குத்தான் தாய்மாமன் குச்சு கட்டுறதே. இந்தப் பிள்ளை மேல முறை எனக்கு இருக்குன்னு ஊருக்குச் சொல்றது அது.

இது நல்லதுன்னு நான் சொல்லல. 17 வயசுக் கல்யாணம் அன்னைக்கே சட்டப்படி தப்பு, 1978லயே பெண்ணுக்கு 18னு ஆக்கிட்டாங்க. அக்காவுக்கு ஒன்பதாவதோட படிப்பும் போச்சு. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தச் சடங்குக்கு அக்கரை ஒண்ணு இருந்துச்சு. கல்யாணம்ங்கிற அக்கரை. 16 நாள் அடைச்சு வச்சு, அக்கரையில இறக்கிவிட்டாங்க. அந்தக் கரை சரியா தப்பாங்கிறது வேற கேள்வி, ஆனா நடுவுல விட்டுட்டுப் போகல.

என் மகளுக்கு வந்தது 2011ல. 13 வயசு, எட்டாவது. குச்சு கட்டினோம், ஆனா ஒப்புக்கு. மூணு நாள்ல எடுத்துட்டு வீட்டுக்குள்ள ஒரு மூலையைக் கொடுத்தோம். கூடிப் பேச ஆள் இல்ல. அத்தைமாரெல்லாம் திருப்பூர்லயும் சென்னையிலயும் இருந்தாங்க, விசேஷத்தன்னைக்கு மட்டும் வேன்ல வந்து இறங்கினாங்க. விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடத்து டீச்சர். விசேஷமே ரெண்டு மாசம் கழிச்சு, கடலை வித்து காசு வந்த பிறகுதான் வச்சோம். வான் ஜென்னப் இதையும் சொல்லியிருக்கார்: உடம்பு ஆளாகிறது வேற, ஊர் ஆளாக்குறது வேற, ரெண்டும் ஒரே நாள்ல நடக்கணும்னு இல்ல. எங்க பக்கம் மூணு வருஷம் கழிச்சுக் கூட, தம்பி காதுகுத்தோட சேர்த்து வைக்கிறதுண்டு. போட்ட மொய் திரும்பணுமே. மொய் வாங்குறதுக்குன்னே ஆடியில மொய்விருந்து வைக்கிற ஊருங்க இது. அதைக் குத்தமாச் சொல்லல, எனக்கும் அந்த மொய்ப் பணத்துலதான் போர்க்குழாய் கடன் அடைஞ்சது.

மண்டபம், மேடை, வீடியோ, பட்டுச்சேலை எல்லாம் நல்லா நடந்துச்சு. திங்கட்கிழமை மகள் யூனிஃபார்ம் போட்டு, ரெட்டைச்சடை பின்னி, மறுபடியும் எட்டாவது வகுப்புக்குப் போனா. ஞாயித்துக்கிழமை மேடையில "பெரிய மனுஷி", திங்கட்கிழமை சின்னப் பிள்ளை.

ஆனா ஒண்ணு மட்டும் மாறிப் போச்சு. அதுவரைக்கும் 4 கிலோமீட்டர் சைக்கிள்ல போவா. சாயந்தரம் களத்துல பசங்களோட எறிபந்து விளையாடுவா. என்னோட ராத்திரி தண்ணி கட்ட வருவா, டார்ச் பிடிக்கிற வேலை அவளோடது. அம்மாவும் என் வீட்டுக்காரம்மாவும் "இனிமே வேணாம்"னாங்க. கடைக்குப் போகக் கூடாது, திண்ணையில உட்காரக் கூடாது, சத்தமா சிரிக்கக் கூடாது. எனக்குத் தண்ணி கட்டத் துணை வேணும்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அவ என்னைப் பார்த்தா, நான் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன்.

இப்ப அவ கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறா. பொங்கலுக்கு வந்தப்ப பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தோம். குச்சு எரியிற இடம் வந்துச்சு. "அப்பா, குச்சை எரிச்சுட்டீங்க. ஆனா காலேஜ் சேர்ற வரைக்கும் நான் உள்ளதான் இருந்தேன்"னா. கோபமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

நான் சொல்ல வந்தது இதுதான். கண்ணுல படாதே, வெளிய போகாதே, ஒதுங்கி இருங்கிற தடை எல்லாம் அந்த நடுப்படிக்கு உள்ளது. அதுக்கு 16 நாள்னு கெடு இருந்துச்சு. கெடு முடிஞ்சா உலக்கையை எடுத்துரணும். அக்கா காலத்துல எடுத்தாங்க, எடுத்துக் கல்யாணத்துக்குள்ள தள்ளினாங்க. இப்ப அந்தக் கரை 10 வருஷம் தள்ளிப் போயிருச்சு. 18 வரைக்கும் அவ குழந்தைன்னு சட்டம் சொல்லுது, படிச்சு வேலைக்குப் போனப்புறம்தான் கல்யாணம்னு நாமளும் சொல்றோம். ரொம்ப நல்ல மாத்தம். ஆனா சடங்கு மட்டும் பழையபடி, "இவ கல்யாணத்துக்குத் தயார்"னு மைக்குல சொல்லிட்டு முடிஞ்சிருது. இறங்குறதுக்குக் கரை இல்ல. அதனால 16 நாள் தடை 10 வருஷத் தடையா நீளுது. நாத்தைப் பறிச்சு முடி கட்டி மேளம் கொட்டிட்டு, வரப்புலயே போட்டுட்டு வந்துட்டோம்.

நம்ம பேச்சுல "ஆளாயிட்டா"ன்னு ஒரு நல்ல சொல்லு இருக்கு. முந்தாநாள் வரைக்கும் தனியாக் கடைக்குப் போன பிள்ளை, ஆளான மறுநாள்ல இருந்து தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்னா, யாருய்யா ஆளானது?

குச்சைப் பத்தியும் சொல்லிடுறேன். 2018 நவம்பர்ல கஜா புயல் எங்க பக்கத்தைப் புரட்டிப் போட்டுச்சு. என் தோப்புலயும் பாதி தென்னை படுத்துருச்சு. அந்த ராத்திரி பட்டுக்கோட்டை பக்கம் ஒரு சிறுமி, ஆளானதுக்காக ஒதுக்கி வச்ச குடிசையில படுத்திருந்தப்ப, தென்னை மரம் விழுந்து செத்துப் போச்சு. புயல் வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கத் தீட்டு தடுத்துச்சு. பாதுகாப்புக்காக முன்னோர் வச்சதுன்னு எனக்கு எழுதுறவங்க, அந்தப் பிள்ளையை நினைச்சுட்டு எழுதுங்க. குச்சுல மாமன் அன்பும் இருந்துச்சு, தீட்டும் இருந்துச்சு. அன்பைக் காட்ட வேற வழி ஆயிரம் இருக்கு. குச்சு இனி வேண்டாம்.

அப்ப சடங்கையே விட்டுரலாமான்னா, என் அக்கா பேத்திகிட்டயே கேட்டேன். அந்தத் தை மாசச் சாயந்தரம், எல்லாரும் டீ குடிக்கிறப்ப அறை வாசல்ல போய் உட்கார்ந்து, "உனக்கு என்னடா வேணும்?"னேன். கொஞ்சம் யோசிச்சுச்சு. "புது டிரஸ் வேணும் தாத்தா. எல்லா அத்தையும் வர்றதும் பிடிச்சிருக்கு. ஆனா ஃப்ளெக்ஸ் வேணாம். பஸ் ஸ்டாப்புல வச்சா கிளாஸ்ல பசங்க கேலி பண்ணுவாங்க." அப்புறம் மெதுவா, "சைக்கிளும் வேணும்"னுச்சு.

பன்னெண்டு வயசுப் பிள்ளை எல்லாத்தையும் சரியாச் சொல்லிடுச்சு. ஊருக்குச் சொல்றதுன்னா அந்தக் காலத்துல முறைக்காரங்களுக்குச் சொல்றது, அவ யார் வீட்டுல வாழப் போறாளோ அவங்களுக்கு. பஸ் ஸ்டாப் ஃப்ளெக்ஸ் யாருக்குச் சொல்லுது? வழியில போற லாரிக்காரனுக்கும் ஏழாவது பி பிரிவுக்கும்.

அக்கா மகன்கிட்ட தனியாப் பேசினேன். பத்து நாள் பள்ளிக்கூடம் நிறுத்த வேணாம்னேன். மூணாவது நாளே அனுப்பினான். அத்தைமார் ரெண்டு பேரை மட்டும் நாலு நாள் முன்னாடியே வரச் சொன்னோம், களி கிண்டிப் போட்டுப் பக்கத்துல படுத்துக் கதை பேச. களியும் முட்டையும் பத்து நாளோட நிக்கக் கூடாது, இரத்தம் போறது மாசா மாசம்தானேன்னு என் வீட்டுக்காரம்மா சொன்னதையும் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் பிள்ளையோட தாய்மாமனுக்கு நானே போன் போட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற பையன். "தம்பி, சீர்த்தட்டு எத்தனை வேணா கொண்டு வா. கூட ஒரு சைக்கிளும் கொண்டு வா"ன்னேன். சிரிச்சான். ஆனா கொண்டு வந்தான். 21 தட்டுக்குப் பின்னால, மாலை போட்ட ஒரு சைக்கிள். மேடையில அந்தச் சாவியை அவன் பிள்ளை கையில கொடுத்தப்ப, மைக் பிடிச்சவருக்கே என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க அக்கா முகம் கொடுக்கல. மாமன் சீர்ங்கிறதால வேணாம்னு சொல்லவும் முடியல.

ஃப்ளெக்ஸை நிறுத்த முடியல. பெரியப்பன் ஒருத்தர் அச்சடிச்சு வச்சுட்டார். பஸ் ஸ்டாப்புல வைக்காம மண்டபத்துக்குள்ள வைக்கிறதுன்னு முடிஞ்சது.

இந்தச் சடங்கை வீட்டுல வைக்கிறவங்களுக்கு ஒரு அளவுகோல் சொல்றேன். விசேஷத்தன்னைக்கு எத்தனை தட்டு, எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு பார்க்காதீங்க. முப்பது நாள் கழிச்சுப் போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி அவகிட்ட என்னென்ன இருந்துச்சோ, சைக்கிள், விளையாட்டு, கடைக்குப் போறது, சத்தமான சிரிப்பு, எல்லாம் திரும்பி வந்திருக்கான்னு எண்ணுங்க. கூடவே புதுசா ஒண்ணாவது சேர்ந்திருக்கணும். ஒரு பேங்க் புத்தகமோ, வீட்டு முடிவுல ஒரு வார்த்தையோ. எண்ணிக்கை குறைஞ்சிருந்தா, அவ இன்னும் வாசப்படியிலதான் உட்கார்ந்திருக்கா. நடவு முடிஞ்சதான்னு கேட்டா நான் மேளத்தை வச்சுச் சொல்லமாட்டேன், பச்சை பிடிச்சதை வச்சுத்தான் சொல்லுவேன்.

மாசி கடைசியில நான் போய்ப் பார்த்தேன். சைக்கிள்ல பள்ளிக்கூடம் போகுது. எறிபந்து டீம்ல இருக்கு. ஆனா சாயந்தரம் டியூஷனுக்கு மட்டும் ஆறு மணிக்கு மேல ஆட்டோதான். எங்க அக்கா விடல. "இருட்டுல நாய் துரத்தும்"னு சொல்லுது.

நாய்க்கு ஒரு வழி பண்ணணும். டார்ச் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்.